1.34 ஐ ஏன் 1 ஆக மட்டந்தட்டக்கூடாது

தம்பி,

நீர் நேற்றிரவு வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் வினாவும் உமது செய்கையும் தெளிவாகவே தெரிகின்றன. ஒரு சேர்வையிலுள்ள மூலகங்களின் திணிவு நூற்றுவீதங்களையும் அதன் சார்மூலக்கூற்றுத்திணிவையும் தந்து, அனுபவச் சூத்திரத்தையும் மூலக்கூற்றுச் சூத்திரத்தையும் காணச் சொல்கிறது வினா. கொப்பியின் ஓரத்தில் நிழல் விழுந்ததால், சார்மூலக்கூற்றுத்திணிவின் கடைசி இலக்கம் 6 ஆ 8 ஆ என்பது மட்டும் தெரியவில்லை. கணக்கே அதைச் சொல்லிவிடும் என்பதால் இப்போதைக்கு 176 என்று கொள்வோம். காபன் 40.9%, ஐதரசன் 4.58%, ஒட்சிசன் 54.5%. இவற்றின் கூட்டுத்தொகை 99.98 ஆக இருப்பதால் நான்காவது மூலகம் ஒன்று ஒளிந்திருக்கவில்லை.

நூறு கிராம் சேர்வையை எடுத்தால் நூற்றுவீதங்கள் அப்படியே கிராம்களாகின்றன. அவற்றைச் சாரணுத்திணிவுகளால் வகுத்து மூல் எண்ணிக்கைகளைப் பெறுவதுவரை நீர் செய்தது சரி:

C : 40.9 ÷ 12 = 3.408
H : 4.58 ÷ 1 = 4.580
O : 54.5 ÷ 16 = 3.406

மிகச் சிறிய எண்ணான 3.406 ஆல் மூன்றையும் வகுக்க 1.00 : 1.34 : 1.00 என்ற விகிதம் கிடைக்கிறது. இந்த இடத்தில் நீர் 1.34 ஐ 1 என்று எழுதி, அனுபவச் சூத்திரம் CHO என்று முடித்துவிட்டீர். கணிதப் பாடத்தில் கிட்டிய முழுவெண்ணுக்கு மட்டந்தட்டச் சொன்னால் அது சரியான விடைதான். இங்கே நாம் தேடுவது கிட்டிய முழுவெண்ணை அல்ல, அணுக்களின் உண்மையான எண்ணிக்கை விகிதத்தை. ஆகவே அளவீட்டு வழுவாலும் தசமதானங்களைக் குறைத்து எழுதியதாலும் வரக்கூடிய சிறு விலகலை மட்டுமே நாம் அகற்றலாம். 1.02 ஐ 1 ஆகவும் 1.98 ஐ 2 ஆகவும் கொள்வதில் தவறில்லை, ஆனால் 1.34 ஐ 1 ஆக்கினால் ஐதரசனில் நாலில் ஒரு பங்கையே எறிந்துவிடுகிறீர்.

0.34 என்பது மூன்றில் ஒன்றுக்கு அண்மையானது. எனவே விகிதம் முழுவதையும் 3 ஆல் பெருக்க வேண்டும், அப்போது 3.00 : 4.03 : 3.00 வருகிறது. 2 ஆல் பெருக்கினால் 2.69 வருவதால் அது உதவாது. பின்னப்பகுதி 0.5 க்கு அண்மையில் இருந்தால் 2 ஆலும், 0.33 அல்லது 0.67 க்கு அண்மையில் இருந்தால் 3 ஆலும், 0.25 அல்லது 0.75 க்கு அண்மையில் இருந்தால் 4 ஆலும் பெருக்குவது வழக்கம். பொருந்தும் மிகச் சிறிய எண்ணையே எடுக்க வேண்டும், ஏனெனில் பெருக்கும்போது வழுவும் சேர்ந்து பெருகுகிறது. போதிய பெரிய எண்ணால் பெருக்கினால் எந்த விகிதத்தையும் முழுவெண்போலக் காட்டிவிடலாம்.

எஞ்சிய அந்த 0.03 எங்கிருந்து வந்தது என்று நீர் கேட்கலாம். ஐதரசனின் சாரணுத்திணிவை 1 என்று எடுத்ததே அதற்குக் காரணம், 1.008 என்று எடுத்துச் செய்துபாரும், 4.00 வரும்.

ஆகவே அனுபவச் சூத்திரம் C₃H₄O₃, அதன் திணிவு 36 + 4 + 48 = 88. 176 ஐ 88 ஆல் வகுக்கச் சரியாக 2 வருகிறது. 178 ஆக இருந்திருந்தால் அப்படி வந்திராது. மூலக்கூற்றுச் சூத்திரம் C₆H₈O₆. நெல்லிக்காயில் உள்ள விற்றமின் சி இன் சூத்திரமும் இதுவே.

உமது விடையில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதற்கு அடுத்த வரி. CHO இன் திணிவு 29; 176 ஐ அதனால் வகுத்து 6.07 பெற்று, அதையும் 6 ஆக மட்டந்தட்டி C₆H₆O₆ என்று எழுதியிருக்கிறீர். அதன் திணிவு 174 தானே? அனுபவச் சூத்திரம் சரியாக இருந்தால் இந்த வகுத்தல் ஏறக்குறைய மீதியின்றி முடிய வேண்டும். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பவும் முடியாது: 1.34 ஐ 1.5 என்று கொண்டு C₂H₃O₂ எழுதிய ஒருவருக்கு 176 ÷ 59 = 2.98 வரும், அதை 3 என்று கொள்ள எவருக்கும் கை போகும்.

ஆதலால் கிடைத்த சூத்திரத்திலிருந்து நூற்றுவீதத்தைத் திரும்பக் கணித்துப் பார்ப்பதே உறுதியான வழி. இந்த மூன்று சூத்திரங்களிலும் காபனும் ஒட்சிசனும் தந்த பெறுமானங்களிலிருந்து ஒரு வீதம்கூட விலகுவதில்லை. ஐதரசன்தான் வேறுபடுத்திக் காட்டுகிறது. CHO இல் அது 3.4%, C₂H₃O₂ இல் 5.1%, C₃H₄O₃ இல் 4.5%. வினாவில் தந்தது 4.58%.

இன்னொன்று. மூல் எண்ணிக்கைகளை எழுதும் படியிலேயே மட்டந்தட்டாதீர். 3.408, 4.580, 3.406 என்பவற்றை 3, 5, 3 என்று எழுதினால் C₃H₅O₃ என்ற வேறொரு தவறு பிறக்கும். இறுதி விகிதம் வரும்வரை குறைந்தது மூன்று தசமதானங்களை வைத்திரும்.

இதே முறையில் 72.4% இரும்பும் 27.6% ஒட்சிசனும் உள்ள ஒட்சைட்டின் அனுபவச் சூத்திரத்தைக் கண்டு, சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாரும். இரும்பின் சாரணுத்திணிவை 56 என்று எடும்.