பூட்டியின் பாட்டு

போன வாரம் டர்பன் கோயிலில் பாடும்போது கைபேசியில் அடிகள் மடங்கி, எல்லாரும் பாதியிலேயே நிறுத்திவிட்டோம். இதில் உள்தள்ளி இருப்பது மேலடியின் தொடர்ச்சி. மூச்சு விடாமல் சேர்த்துப் பாடுங்கள்.

சென்னையில் கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பரில்
  டர்பன் கரையைத் தொட்டது, பூட்டி,
அது வந்த வழியே பின்னால் வந்த இன்னொரு கப்பலின்
  அடித்தட்டில் நீ இருந்தாய்.
பெயரைக் கேட்டார்கள், எண்ணை எழுதினார்கள்.

கரும்புச் சோகை கீறிய கையாலே அம்மியில்
  மஞ்சள் அரைத்தாய், மாரிக்குப் பொங்கல் வைத்தாய்,
பேரப்பிள்ளையின் விரலைப் பிடித்து மாவுத் தட்டில்
  அகரம் எழுதவைத்தாய்.
இருட்டியதும் பாடினாய்.

தமிழ் பேச நாத்தடுமாறும் எங்கள் வாயில் இன்றும்
  உன் தாலாட்டு மட்டும் தடுமாறுவதில்லை;
உம்கேனி ஆற்றங்கரையில் காற்றடித்தால் கரும்புக்காடு
  உன் குரலில் அசைகிறது.
பாடு, பூட்டி.