பொது சுகாதார முதுகலைப் படிப்புக்கான நோக்க அறிக்கை

தேர்வுக் குழுவினருக்கு வணக்கம்.

இந்த அறிக்கையை முதலில் எழுதியபோது "சிறு வயது முதலே மக்கள் சேவையில் ஆர்வம் கொண்ட நான்" என்று தொடங்கியிருந்தேன். வாசித்துப் பார்த்த என் தங்கை, "ஊசின்னு சொன்னாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்குவியே, அந்த வயசா?" என்று கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன். நான் நர்சிங் படித்ததற்குக் காரணம், பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது என்பதுதான். ஆனால் பொது சுகாதாரம் படிக்க வேண்டும் என்று தோன்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று ஒரு வீட்டின் அரிசி டின்னுக்குள் ஒன்பது மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன்.

2022 ஜூன் மாதம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு ஹீமோகுளோபின் 7.8 இருந்தது. கர்ப்ப காலத்தில் 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. பதிவேட்டில் மாதம் மூன்று அட்டை வீதம் மூன்று மாதமும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததாக இருந்தது. கொடுத்ததும் நான்தான், எழுதியதும் நான்தான். பிறகு ஏன் ஏறவில்லை என்று வீட்டுக்கே போனேன். உலை வைக்க அவர் மாமியார் அரிசி டின்னைத் திறந்தார். அரிசிக்கு மேலே சிவப்பு மாத்திரை அட்டைகள். ஒன்பதும் அப்படியே இருந்தன, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"போட்டா வயித்தப் பொரட்டுமாம் மேடம். வெளிக்குப் போனா கருப்பா போகுமாம், பயமா இருக்குது" என்றார் அந்தப் பெண். மாமியாருக்கு வேறு கணக்கு: "சத்து மாத்திர போட்டா கொழந்த பெருசா ஆயிடும். அப்புறம் கத்தி வெச்சித்தான் எடுப்பாங்க." இரண்டு பேர் சொன்னதிலும் எனக்குக் கோபம் வரவில்லை. மலம் கருப்பாகப் போகும், அது இரும்புச்சத்தால்தான், பயப்பட வேண்டாம் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையெழுத்து வாங்கி, மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

அன்று மாலை ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். பதிவேட்டில் இல்லாத ஒன்றை அதில் எழுதத் தொடங்கினேன்: கொடுத்தது எத்தனை, சாப்பிட்டது எத்தனை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் "அட்டையைக் காட்டுங்க" என்று கேட்டேன். எட்டு மாதத்தில் 41 கர்ப்பிணிகள். அதில் 23 பேர் கொடுத்ததில் பாதிகூடச் சாப்பிடவில்லை. காலி அட்டையையும் முழுதாக நம்ப முடியாது என்பது ஒரு வீட்டில் தெரிந்தது. அட்டை சுத்தமாகக் காலியாக இருந்தது. மாத்திரைகள் கோழிக் கூண்டுக்குப் பின்னால் கிடந்தன.

வீடு வீடாகப் போனதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே கவரில் வாங்கிப்போய், இரண்டையும் சேர்த்து, காலை டீயோடு விழுங்குகிறார்கள். டீயும் கால்சியமும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்பதை நான் இரண்டாம் ஆண்டில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தது நான்தான். அதன் பிறகு இரண்டு கவராக்கினேன். கால்சியம் பகல் சாப்பாட்டோடு. இரும்பு ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது. மாமியார்களையும் உட்கார வைத்துப் பேசினேன்.

ஹீமோகுளோபின் 9-க்குக் குறைவாக இருந்த 16 பேரை இப்படித் தொடர்ந்து பார்த்தேன். ஒன்பதாம் மாதத்தில் சராசரியாக 1.1 கூடியிருந்தது. பெருமையாக சார்ட் பேப்பரில் வரைந்து மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மருத்துவ அலுவலர் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். "ரொம்பக் குறைவா இருந்தவங்களை மட்டும்தானே எடுத்தீங்க? நீங்க ஒண்ணுமே செய்யலைன்னாலும் அதுல கொஞ்சம் ஏறியிருக்குமே?" அடுத்தது: "முதல்ல எதுல பார்த்தீங்க, கடைசியில எதுல பார்த்தீங்க?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. டிஜிட்டல் கருவிக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துபோன மாதங்களில் பழைய சாலி முறையில் பார்த்தேன். குழாயில் அமிலம் விட்டு, 20 மைக்ரோலிட்டர் ரத்தம் சேர்த்து, பத்து நிமிடம் வைத்து, பக்கத்தில் உள்ள பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் ஒத்துப்போகிறதா என்று முடிவு செய்வது என் கண். காலை வெளிச்சத்தில் 8.5 என்று தோன்றுவது, மேகமூட்டமான சாயங்காலம் 9 என்று தோன்றும். 16 பேரில் 7 பேருக்கு முதல் அளவு சாலியில், கடைசி அளவு கருவியில். அந்த 1.1-இல் மாத்திரையால் வந்தது எவ்வளவு, என் கண்ணால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. போதாததற்கு, கர்ப்பத்தின் நடு மாதங்களில் ரத்தத்தில் நீர் அளவு கூடுவதால் ஹீமோகுளோபின் தானாகவே இறங்கும், கடைசி மாதங்களில் கொஞ்சம் ஏறும். இதுவும் படித்ததுதான். சார்ட் வரையும்போது நினைவுக்கு வரவில்லை.

நான் கேட்கும் படிப்பு இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க யாரை எடுப்பது, எத்தனை பேர் வேண்டும், அளவுகோல் மாறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் முறையாகக் கற்க வேண்டும். தங்கள் பாடத்திட்டத்தில் நோய்ப் பரவியலும் உயிரிப் புள்ளியியலும் முதல் பருவத்திலேயே இருப்பதைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்கிறேன். நர்சிங்கில் புள்ளியியல் தாளில் நான் வாங்கியது 52. சான்றிதழில் நீங்களே பார்ப்பீர்கள், மறைக்க ஒன்றும் இல்லை. அப்போது சராசரி என்பது எனக்குத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த சூத்திரம். இப்போது, போன ஆண்டிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிகழ்தகவு பாடத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

ஆய்வுக்கு எடுக்க விரும்பும் கேள்வியும் அந்த நோட்டிலிருந்துதான் வருகிறது. 41 பேரில் 6 பேர் நான்காம், ஐந்தாம் மாதத்தில் கணவரோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தது பிரசவத்துக்கு. நடுவில் அவர்கள் மாத்திரை வாங்கினார்களா, ரத்தம் பார்த்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. நோட்டில் அந்த ஆறு வரிசைகளும் வெறுமையாக இருக்கின்றன. எங்கள் பக்கம் கர்ப்பிணிகளின் ரத்தசோகையைப் பற்றி யார் ஆய்வு செய்தாலும், ஊரில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு நன்றாக வந்துவிடும் என்று நினைக்கிறேன். போய் வருபவர்களை எப்படித் தொடர்வது என்பதுதான் என் கேள்வி.

நான் இருப்பது ஒப்பந்தப் பணி. படிப்பு விடுப்பு கிடையாது, இடம் கிடைத்தால் வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். முதல் ஆண்டுக் கட்டணத்துக்குச் சேமித்து வைத்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டுக்கு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பேன். நேர்காணலுக்கு அழைத்தால் நோட்டையும் கொண்டுவருகிறேன். பெயர்கள் இருக்காது, எண்கள் மட்டும்தான். சாலியில் எடுத்த அளவுகளைப் பச்சை மையால் வட்டமிட்டிருக்கிறேன்.