கமரா பதிவைப் பின்னர் பார்வையிட்டது பற்றிய அறிக்கை

திகதி: 2025 செப்டெம்பர் 18, வியாழக்கிழமை
இடம்: வெள்ளவத்தை, கொழும்பு 06
பெறுநர்: கட்டட முகாமையாளர்
விடயம்: 17ஆம் திகதி புதன்கிழமை கீழ்த்தளத்திலிருந்து 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று காணாமற்போனது

ஐயா,

17ஆம் திகதி பகல் நான் கடமையில் இருக்கவில்லை. அன்று காலை 6 மணிக்கு இரவுக் கடமை முடித்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திரும்பவும் கடமைக்கு வந்தேன். ஆகவே சிலிண்டரை யாரும் எடுத்ததை நான் நேரில் காணவில்லை. இந்த அறிக்கையில் வரும் 17ஆம் திகதிச் சம்பவங்கள் எல்லாம் 18ஆம் திகதி காலை 9.00 முதல் 10.40 வரை, கீழ்த்தள அலுவலக அறையில், தாங்கள் பக்கத்தில் இருக்க, பதிவுக் கருவியின் திரையில் நான் பார்த்தவை. வேறொருவர் சொல்லக் கேட்டவற்றையும், 18ஆம் திகதி அந்த இடத்தில் என் கண்ணால் பார்த்தவற்றையும் அங்கங்கே அப்படியே குறிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் நேரம் பற்றி. காலை 9.05 என்று கருவியின் திரை காட்டியபோது என் கைத்தொலைபேசியில் 8.58. இரண்டையும் ஒரே படத்தில் விழும்படி தாங்கள் படம் எடுத்தீர்கள். திரையின் மணி 7 நிமிடம் முந்தி ஓடுகிறது. கீழே நான் எழுதும் நேரங்கள் திரையில் இருந்தபடியே. உண்மை நேரம் வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் 7 நிமிடம் கழிக்க வேண்டும். பொலிஸார் பார்க்கும்வரை அந்த மணியை யாரும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது திருத்தினால், 7 நிமிடம் என்று நான் எழுதியதைப் பிறகு யாரும் சரிபார்க்க முடியாது.

மூன்று கமராக்களின் பதிவைப் பார்த்தோம். CAM 01 முன் கேற். CAM 03 லிப்ட்டுக்கு முன்னால் உள்ள இடம். CAM 02 வாகனத் தரிப்பிடத்தின் பின்பகுதியும் மரீன் டிரைவ் பக்கத்துச் சின்னக் கேற்றும். எதிலும் ஒலிப்பதிவு இல்லை. அசைவு இருக்கும்போது மட்டுமே பதிவாகும்படி மூன்றும் அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே பதிவு இல்லாத நேரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று கொள்ள முடியாது. கமரா பதியவில்லை என்பதை மட்டுமே சொல்லலாம்.

CAM 03, 11:02:30. ஒருவர் தோளில் நீல நிறச் சிலிண்டர் ஒன்றைச் சுமந்து வந்து படிக்கட்டின் அடியில், தூணுக்குப் பக்கத்தில் இறக்கி வைக்கிறார். அதன் மேல்பாதி திரையில் தெரிகிறது. 13:40க்குப் பிறகு அதன் முன்னால் ஒரு சைக்கிள் நிற்கிறது. அதன்பின் சிலிண்டரின் மேல் வளையம் மட்டுமே தெரிகிறது. 16:09:20இல் முடியும் துண்டில் அந்த வளையம் இருக்கிறது. அடுத்த துண்டு 16:18:05இல் தொடங்குகிறது. அதில் வளையம் இல்லை. இடைப்பட்ட 8 நிமிடம் 45 விநாடிக்கு CAM 03இல் பதிவே இல்லை. எனவே சிலிண்டரை அந்த இடத்திலிருந்து எடுத்தது யார் என்பது எந்தக் கமராவிலும் இல்லை. இந்த விடயத்தில் மிக முக்கியமான கணம் அதுதான். அது எங்களிடம் இல்லை.

CAM 02, 16:20:48. படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார். நீல நிற உருளை ஒன்றைச் சரித்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு வருகிறார். எரிவாயு சிலிண்டரை ஆட்கள் உருட்டும் விதத்தில்தான் உருட்டுகிறார். அது சிலிண்டர் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அது படிக்கட்டடியில் இருந்த அதே சிலிண்டரா, நிரம்பியதா வெறுமையா என்பது பதிவில் தெரியாது. 16:21:12இல் அவர் சின்னக் கேற்றுக்கு முன்னால் நின்று, உருளையை நிமிர்த்தி, வலது கையால் அதன் மேற்பகுதியைப் பிடித்தபடி வெளியே பார்க்கிறார். வாய் அசைவது போலத் தெரிகிறது. யாருடனாவது பேசினாரா என்று என்னால் சொல்ல முடியாது. கேற்றுக் கம்பிகளுக்கு வெளியே, கீழ்ப்பகுதியில் சிவப்பு நிறத்தில் ஏதோ நிற்கிறது. அது என்ன வாகனம் என்று அடையாளம் காணும் அளவுக்குப் பதிவில் தெரியவில்லை. இலக்கத் தகடு எதுவும் தெரியவில்லை. 16:21:40இல் அவரது இடது கை கேற்றின் மீது இருக்கும்போது பதிவு நின்றுவிடுகிறது. 16:24:15இல் அடுத்த துண்டு. கேற் ஒரு சாண் அளவு திறந்திருக்கிறது. ஆளும் இல்லை, உருளையும் இல்லை, வெளியே சிவப்பு நிறமும் இல்லை. அவர் அதை வெளியே கொண்டுபோனார் என்று நினைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் கொண்டுபோவது பதிவில் இல்லை.

அந்த ஆள் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒருவரின் வேலையும் பெயரும் இதில் தங்கியிருக்கின்றன.

CAM 02 மேற்கு நோக்கிப் பார்க்கிறது. பின்னேரம் நாலு மணிக்குக் கடற்பக்கத்து வெயில் நேரே கமராவுக்குள் அடிக்கும். கேற்றடியில் யார் நின்றாலும் கறுத்த உருவமாகத்தான் தெரிவார். 52 விநாடிப் பதிவை ஆறு தடவை ஓடவிட்டுப் பார்த்தோம், நிறுத்தி நிறுத்தியும் பார்த்தோம். முகம் எந்த இடத்திலும் தெரியவில்லை. மேற்சட்டை கடும் நிறம். நிழலில் இருந்து வரும் முதல் நாலைந்து விநாடியில் அது பச்சை போலவும் இருக்கிறது, கருநீலம் போலவும் இருக்கிறது. இன்று பின்னேரம் 4.15க்கு நான் என் கருநீலச் சீருடையோடு அதே இடத்தில் நின்றேன், தாங்கள் திரையைப் பார்த்தீர்கள். என் சட்டையும் பச்சையாகத் தெரிவதாகத் தாங்களே சொன்னீர்கள். ஆகவே சட்டையின் நிறத்தை வைத்து ஆளைச் சொல்ல என்னால் முடியாது. உயரத்தையும் கணிக்க முடியாது, கமரா மேலிருந்து சரிவாகப் பார்க்கிறது.

மூன்றாம் மாடி அம்மா காலை 8 மணியளவில் என்னிடம் வந்து, எங்கள் துப்புரவுப் பணியாளர்தான் எடுத்தது, பச்சைச் சட்டைக்காரன் அவன் ஒருவன்தான் என்று சொன்னார். அவர் எடுத்ததைத் தான் பார்த்ததாக அம்மா சொல்லவில்லை. பதிவு பார்த்து முடிந்த பிறகு, "தம்பி, நீங்கள் பாத்தனீங்கள் தானே, பாத்ததை அப்பிடியே எழுதித் தாங்கோ" என்று கேட்டார். "அம்மா, நான் ஆளைப் பாக்கேல்லை, திரையைத்தான் பாத்தனான்" என்று சொன்னேன். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. தனியாக இருக்கும் மனிசி, சமைக்க வாங்கிய காஸ் போய்விட்டது. அதற்காக, பார்க்காததை நான் பார்த்ததாக எழுத முடியாது.

துப்புரவுப் பணியாளரைப் பற்றிப் பதிவில் இருப்பது இது. CAM 01, 15:41:10. தோளில் பையுடன் ஒருவர் முன் கேற்றால் வெளியே போகிறார். இங்கே வெயில் பின்னால் இல்லை, முகம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு வருடமாக நாளும் அவரைக் காண்பவன் என்ற முறையில் அது அவர்தான் என்று அடையாளம் காண்கிறேன். இந்த அடையாளம் என் பழக்கத்தால் வந்தது, பதிவில் பெயர் எழுதி இல்லை. உண்மை நேரம் 3.34. வரவுப் பதிவேட்டில் 3.30க்கு அவர் கையொப்பம் இட்டிருப்பதை இன்று காலை என் கண்ணால் பார்த்தேன். அதன்பிறகு 17:00 வரையான CAM 01 துண்டுகளில் அவர் திரும்பி வருவதைக் காணவில்லை. ஆனால் பின் கேற்றால் யார் உள்ளே வந்தாலும் CAM 01க்குத் தெரியாது. ஆகவே அவர்தான் என்று எழுதவும் இந்தப் பதிவு போதாது, அவர் இல்லவே இல்லை என்று எழுதவும் போதாது. "அண்ணே, மூனரைக்கே போயிட்டேன், நீங்க கமராவப் பாருங்க" என்று அவர் இன்று என்னிடம் சொன்னார். அது அவர் சொன்னது.

17ஆம் திகதி பகல் கடமையில் இருந்த உத்தியோகத்தர், பின்பக்கம் கேற் கிறீச்சிட்ட சத்தம் கேட்டதாக என்னிடம் சொன்னார். நேரம் முதலிய விபரங்களை நான் இங்கே எழுதவில்லை. கேட்டவர் அவர், அவரே தன் கையால் தனியாக எழுதித் தர வேண்டும். என் அறிக்கையைப் படித்துக் காட்டாமல் அவரிடம் அதை வாங்குவது நல்லது.

இன்று காலை 10.50க்கு நான் நேரில் பார்த்தவை: படிக்கட்டடியில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி கிடந்தது. அங்கிருந்து பின் கேற்றுப் பக்கமாகச் சீமெந்துத் தரையில் வளைந்து வளைந்து ஒரு கீறல் போகிறது, பாதி வழியில் மறைந்துவிடுகிறது. அது எப்போது விழுந்த கீறல் என்று எனக்குத் தெரியாது. மூடியை எடுக்காமல் படம் எடுத்து, மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பின் கேற்றின் பூட்டு உடைக்கப்படவில்லை, கொளுவியில் திறந்தபடி தொங்கியது.

கருவியில் இன்று காலை இருந்த மிகப் பழைய பதிவு 4ஆம் திகதியுடையது. அதற்கு முந்தியவை மேலெழுதப்பட்டுவிட்டன. இந்தக் கணக்கில் 17ஆம் திகதிப் பதிவும் ஒக்டோபர் தொடக்கத்தில் போய்விடும். ஆகவே மூன்று கமராக்களிலும் 10:30 முதல் 17:30 வரையான பதிவை வெட்டாமல் இரண்டு பென்டிரைவில் எடுத்தோம். ஒன்று உறையிலிட்டு, ஒட்டிய இடத்தின் மேல் நாம் இருவரும் கையொப்பமிட்டு, தங்கள் அலுமாரியில் இருக்கிறது. மற்றது பார்ப்பதற்கு. குடியிருப்பாளர்களின் வட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி மூன்று பேர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அந்தப் பதிவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முகம் தெரியாத ஓர் உருவத்தின் கீழே யாராவது ஒரு பெயரை எழுதிவிட்டால் அதை அழிக்க யாராலும் முடியாது.

அம்மா வெள்ளவத்தைப் பொலிஸில் முறைப்பாடு செய்யப்போவதாகச் சொல்கிறார். பொலிஸார் வந்தால் பதிவையே காட்டுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி இப்படியான பதிவு நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படலாம். கண்ணால் கண்டது பற்றிய வாய்மொழிச் சாட்சியத்தை, கண்டவரே வந்து சொல்ல வேண்டும் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்கிறது. எந்தக் கருவியில், எப்போது, யார் முன்னிலையில் பார்த்தேன், எப்படிப் பிரதி எடுத்தோம் என்பதற்கு நான் எங்கு வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வேன். சிலிண்டர் போனதற்கு நான் சாட்சி இல்லை.

கடைசியாக ஒரு திருத்தம். இன்று காலை 9.30க்கு, முதல் தடவை பார்த்தவுடன், சம்பவப் புத்தகத்தில் "பச்சைச் சட்டை அணிந்த ஒருவர் சிலிண்டரைத் திருடிச் செல்வதைக் கண்டேன்" என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் "பச்சை", "திருடி", "கண்டேன்" மூன்றும் தவறு. நிறம் நிச்சயமில்லை, எண்ணம் தெரியாது, நான் அங்கே இல்லை. வரியை வாசிக்கக்கூடியதாக ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் நேரமும் கையொப்பமும் இட்டு, "CAM 02 பதிவில், கடும் நிற மேற்சட்டையுடன் ஒருவர் நீல உருளை ஒன்றைப் பின் கேற் வரை உருட்டிச் செல்வது தெரிகிறது" என்று கீழே எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

பாதுகாப்பு உத்தியோகத்தர்
சேவை இலக்கம் 0386
2025.09.18, பி.ப. 5.20