விடுமுறையில் வருகைச் சுருக்கம் வெறுமையாக வந்தது குறித்து

மதிப்பிற்குரிய அலுவலக மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறையின்போது தாங்கள் அச்சிட்ட வருகைச் சுருக்கத்தில் தலைப்பும் கட்டக் கோடுகளும் மட்டுமே இருந்தன. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் 41 மாணவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. பதிவுகள் அழிந்துவிட்டனவோ என்று தாங்கள் பதறியது நியாயமே. ஆனால் எதுவும் அழியவில்லை. செப்டம்பர் 26 வரையிலான வருகையைக் கைப்பதிவேட்டுடன் நானே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

நம் வருகை மென்பொருள் தன் நாட்காட்டியில் வேலை நாள் என்று குறிக்கப்பட்ட நாள்களை மட்டுமே கணக்கில் எடுத்து, வந்த நாள்களை மொத்த வேலை நாள்களால் வகுத்து விழுக்காடு காண்கிறது. தாங்கள் தேர்ந்த வாரத்தில் வேலை நாளே இல்லாததால், வகுக்க எண்ணின்றி எல்லாப் பெயர்களையும் விட்டுவிட்டது. இது என் கவனக்குறைவு. முன்பே சொல்லியிருக்க வேண்டும். இனி அத்தகைய வாரங்களில் பெயர்கள் அச்சாகி, எதிரே ‘வேலை நாள் இல்லை’ என்று வருமாறு மாற்றியுள்ளேன். இப்போதைக்குத் தொடக்க நாளை ஜூன் மாதத்தில் தேர்ந்தால் முழுச் சுருக்கமும் கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழையில் மண்டபம் கரைக்குப் புயல் எச்சரிக்கை வந்து ஆட்சியர் விடுமுறை அறிவித்தால், அன்று காலையே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தவறினால் பள்ளி முழுவதும் வராததாகப் பதிவாகிவிடும்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்