நனைந்த கை

செவ்வாய்க்கிழமை சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி நாலு சொட்டு பொன்னம்மாளின் இடது கையில் தெறித்தது. சிவந்தது, சாயங்காலத்துக்குள் மறைந்தும்விட்டது. வியாழக்கிழமை விடிகாலையில் இட்லிக் கொப்பரையின் மூடியைத் தன் பக்கமாகத் தூக்கினாள். ஆவி அதே கையில் ஒரு கணம்தான் அடித்தது. குழாயடியில் 20 நிமிடம் கையை நீட்டி நின்றும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம் கிளம்பிவிட்டது.

"கொதிக்கிற தண்ணீரும் 100 டிகிரி, ஆவியும் 100 டிகிரிதான் அக்கா," என்றான் பிளஸ் டூ படிக்கும் செல்வம், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டே.

"அப்படியானால் ஒன்று சும்மா விட்டது, ஒன்று தோலை உரித்ததே, ஏன் தம்பி?"

அவன் பதில் சொல்வதற்குள் பந்தியில் கூப்பிட்டார்கள்.

அன்று முழுவதும் அவளுக்கு ஒன்றுதான் உறுத்தியது. ஆவி பட்ட உடனே கையைப் பார்த்திருந்தாள். தண்ணீர் எதுவும் சிந்தவில்லை. ஆனாலும் கை நனைந்திருந்தது. ரோமக்கால் தோறும் பனி போலப் பொடிப்பொடியாக நீர். வழித்தெடுத்தால் நாலு சொட்டு தேறுமா என்பதே சந்தேகம்.

இரவு பாத்திரம் கழுவி முடித்தபின் சின்ன அடுப்பைச் சிறுதீயில் வைத்து, ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிக் கடிகாரத்தைப் பார்த்தாள். 4 நிமிடத்தில் கொதித்தது. தீயைத் தொடாமல் அப்படியே விட்டாள். தண்ணீர் வற்றி அடி காய்வதற்கு மேலும் 31 நிமிடம் ஆனது. இரண்டையும் கரித்துண்டால் சுவரில் எழுதினாள்.

கொதித்த பிறகு தண்ணீரின் சூடு ஏறுவதில்லை. செல்வம் சொன்ன அதே 100தான். அடுப்போ நிற்காமல் எரிந்தது. அந்த 31 நிமிடத் தீ எங்கே போனது? பாத்திரத்தில் எதுவும் மிச்சமில்லை. போனது ஆவி ஒன்றுதான். தீயை அதுதான் சுமந்து போயிருக்க வேண்டும்.

மறுபடி தண்ணீர் வைத்து, எழும்பிய ஆவியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் காட்டினாள். தட்டின் அடி மங்கியது, முத்து முத்தாக நீர் கோத்தது, அதற்குள் விரல் பொறுக்காமல் தட்டைக் கீழே போட்டாள். குளிர்ந்த தட்டில் பட்டதும் ஆவி தண்ணீராகத் திரும்பி, சுமந்து வந்த தீயை அங்கேயே இறக்கிவிடுகிறது. தன் கையும் அப்படித்தான் நனைந்திருக்கிறது. கொதிநீரிடம் கொடுப்பதற்கு அந்த 4 நிமிடச் சூடுதான் உண்டு.

மறுநாள் செல்வம் புத்தகத்தோடு வந்தான். "ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 70 கலோரி போதும் அக்கா. கொதித்ததை ஆவியாக்க இன்னும் 540 வேண்டும். ஏறக்குறைய எட்டு மடங்கு."

"நாலெட்டு?"

"முப்பத்திரண்டு."

பொன்னம்மாள் சுவரைக் காட்டினாள்.