அவர் என்ன சொல்லியிருப்பார்?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பத்தாரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "வென்டிலேட்டர் வைக்கலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்." கேட்கிற மருத்துவர், குடும்பத்தை மதிப்பதாகவே நினைக்கிறார். ஆனால் இந்தக் கேள்வி இரண்டு பேருக்கு அநியாயம் செய்கிறது. படுக்கையில் இருப்பவரின் விருப்பத்துக்கு அதில் இடமே இல்லை. பதில் சொல்கிற மகனோ மகளோ, அப்பாவின் உயிரைத் தானே முடித்துவைத்தோமோ என்ற நினைப்பைக் காலம் முழுக்கச் சுமக்க நேரிடும்.

ஒரு உதாரணம். நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள 76 வயதுப் பெரியவர், மூச்சுத்திணறலோடு நினைவு தப்பிய நிலையில் சேர்க்கப்படுகிறார். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள், "இனியும் அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்கிறார். வெளியூரிலிருந்து அவசரமாக வந்த மூத்த மகன், "முடிந்ததையெல்லாம் செய்யுங்கள்" என்கிறார். இருவரையும் உட்காரவைத்து 'உங்கள் முடிவு என்ன' என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஏனென்றால் அங்கே அளக்கப்படுவது யாருக்குப் பாசம் அதிகம் என்பது. 'இந்த நிலைமையில் அவர் என்ன சொல்லியிருப்பார்' என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை வாயே திறக்காத மனைவி பேசக்கூடும்: "போன தடவை தொண்டைக் குழாயை எடுத்த அன்னைக்கே, இன்னொரு முறை இதைப் போட விடாதேன்னு என்கிட்ட சொன்னார்." இப்போது மகன் அப்பாவைக் கைவிடவில்லை, அவர் சொன்னதைக் கேட்கிறார்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு கட்டுரை, நோயாளியின் விருப்பத்தை உறவினர்கள் சரியாகக் கணித்தது சுமார் 68 சதவீதம்தான் என்று காட்டியது. பல வருடம் கூட வாழ்ந்தவர்களுக்கே மூன்றில் ஒன்று தப்பாகிறது. ஆகவே நினைவு இருக்கும்போதே அவரிடமே கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவில், விபத்துக்குப் பின் நினைவு திரும்பாமல் கிடந்த நான்சி க்ரூசன் என்ற பெண்ணின் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், நோயாளியின் விருப்பத்துக்குத் தெளிவான சான்று வேண்டும் என்று ஒரு மாநிலம் கேட்கலாம் என்றது. முன்கூட்டியே எழுதிவைக்கும் வழக்கம் அங்கே பரவ அது ஒரு காரணம். இந்தியாவில் அப்படி எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது.

சரி, எல்லோருமே தனியாகத் தீர்மானிக்க விரும்புகிறார்களா? லாஸ் ஏஞ்சலஸில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடத்தி 1995இல் வெளியான ஆய்வில், பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். இதைப் பார்த்து 'இவர்கள் பண்பாட்டில் சொல்ல மாட்டார்கள்' என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். அந்த 47 சதவீதத்தில் ஒருவரா இவர் என்பது கேட்டால்தானே தெரியும்? "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்? யாரிடம் பேசட்டும்?" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். "எல்லாத்தையும் என் பெரிய பெண்ணிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான். அவரைக் கேட்காமலேயே "அப்பாவிடம் சொல்லாதீங்க டாக்டர்" என்று குடும்பம் சொல்வதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

சேர்ந்து முடிவெடுப்பது என்றால் மருத்துவர் பட்டியலை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதல்ல. நோயாளி எதை முக்கியமாக நினைத்தார் என்பதைக் குடும்பம் சொல்ல வேண்டும். அதற்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று மருத்துவர் தன் பரிந்துரையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விருப்பம் தெளிவாகத் தெரியாதபோது, மூன்று நாளோ ஐந்து நாளோ சிகிச்சை கொடுத்து, எதைப் பார்த்து முன்னேற்றம் என்போம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்ல வழி. தொடங்கிய கருவியை நிறுத்துவது தொடங்காமல் இருப்பதைவிடப் பெரிய பாவம் என்ற பயத்தை மருத்துவ அறவியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. நிறுத்துவதும் கொல்வதும் ஒன்றல்ல. நினைவு திரும்பாமல் கிடந்த கேரன் ஆன் குயின்லன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்கு 1976இல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வென்டிலேட்டரை எடுத்தார்கள். அவர் தானாகவே மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அறவியல் கட்டுரைகள் கூச்சத்தோடு தாண்டிப்போகும் இடம் இது. பில்லுக்குப் பயந்து 'போதும்' என்கிற குடும்பமும், ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து 'இன்னும் செய்யுங்கள்' என்கிற குடும்பமும் நோயாளிக்காகப் பேசவில்லை. செலவை மருத்துவரே முதலில் எடுத்துப் பேசினால், அது வேறொரு காரணத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை.

எனக்கு இன்னும் விடை பிடிபடாத இடம் மறதி நோய். 'யாரையும் அடையாளம் தெரியாமல் போனால் நிமோனியாவுக்கு மருந்து கொடுக்க வேண்டாம்' என்று பத்து வருடம் முன்பு எழுதிவைத்தவர், இப்போது பெயர்கள் மறந்தாலும் பாட்டுக்குத் தலையாட்டிச் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். எழுதியவரின் சொல்லா, இப்போது சிரிப்பவரின் நலனா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் எழுதிவைத்ததை மீறலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், நினைவில்லாமல் கிடப்பவரின் காகிதத்தையும் அதே வாதத்தால் ஒருவர் ஒதுக்கப் பார்ப்பார் என்பதும் தெரிகிறது.