உடைந்து வந்த கிரைண்டருக்கு மாற்றுப் பொருள் கேட்டு மின்னஞ்சல்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்
பொருள்: ஆர்டர் எண் WG-48217 – கல் உடைந்து வந்த வெட் கிரைண்டர் – மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் 07.06.2025 அன்று 2 லிட்டர் டேபிள் டாப் வெட் கிரைண்டர் ஒன்றை ரூ.4,650 செலுத்தி வாங்கினேன். 12.06.2025 மாலை அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அட்டைப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததால், பிரிப்பதையே வீடியோ எடுத்துக்கொண்டேன். உள்ளே உருளைக் கற்களில் ஒன்றின் விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. பாத்திரத்தின் அடிக்கல்லில் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு விரிசல். நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. துண்டுகள் பாத்திரத்துக்குள்ளேயே கிடந்தன. கூரியர்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது; உருளைக் கற்களைத் தனியாகச் சுற்றாமல், பாத்திரத்துக்குள் அப்படியே போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். வழியெல்லாம் கல்லோடு கல் மோதினால் வேறென்ன ஆகும்?

மோட்டார் ஓடுகிறதா என்றுகூட நான் போட்டுப் பார்க்கவில்லை. இதில் அரைத்தால் மாவோடு கல்தூளும் சேரும். ஊறப்போட்டிருந்த அரிசியையும் உளுந்தையும் அன்று பக்கத்து வீட்டில்தான் அரைத்துக்கொண்டோம்.

அன்றிரவே உங்கள் செயலியில் புகார் பதிந்தேன். ‘பணம் திருப்பித் தரப்படும்’ என்ற ஒரே வழிதான் காட்டுகிறது. சாட்டில் பேசியவர், ரூ.500 தள்ளுபடி தருகிறோம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். உடைந்த கல்லைத் தள்ளுபடியில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதே மாடலின் விலை உங்கள் தளத்தில் இப்போது ரூ.5,290. பணத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வாங்கினால் ரூ.640 எனக்குத்தான் நட்டம். எனவே எனக்குப் பணம் வேண்டாம். அதே மாடலில் நல்ல கிரைண்டர் ஒன்றை, கூடுதல் கட்டணம் எதுவுமின்றி மாற்றித் தாருங்கள்.

அனுப்பும்முன் கற்களைத் தனித்தனியாகச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். பழையதை எடுக்க வருபவர் இரண்டாம் மாடிக்கு ஏறி வர வேண்டும். லிஃப்ட் கிடையாது, அந்தக் கனத்தை என்னால் கீழே இறக்க முடியாது. காலை 10 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல் வந்தால் நல்லது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்வேன். அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

ரசீது, பெட்டியின் படம், கற்களின் படங்கள், பெட்டியைப் பிரித்த வீடியோ ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஆர்டரில் உள்ள கைபேசி எண்ணிலேயே என்னைத் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
சு. மல்லிகா
தஞ்சாவூர்
14.06.2025